முதல் நூலுக்கான முன்னோட்டப் பதிவுகள்: மூன்று வெளியீடுகளில் நான் கற்றது

2023 முதல் 2025 வரை, சேலத்திலும் ஏற்காட்டிலும் வாழும் மூவரின் முதல் நூல்களுக்கு வெளியீட்டுக்கு முந்தைய முன்னோட்டப் பதிவுகளைத் திட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன். முதலாவது என்னுடைய சிறுகதைத் தொகுப்பு. இரண்டாவது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் நாவல். மூன்றாவது அம்மாபேட்டை நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் கவிதைகள். மூன்றுக்கும் ஒரே முறையைத்தான் கையாண்டேன். ஆறு வாரங்களுக்கு வாரம் இரண்டு வீதம் பன்னிரண்டு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் கூகுள் ஷீட்டில் ஒரு வரிசை. அதில் படம், வாசகம், வெளியிடும் நாள், வந்த பதில்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் ஸூட்டில் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மட்டும் அலைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு நானே போட்டேன். இந்த முறை எங்கே உதவியது, எங்கே என்னைக் கைவிட்டது என்பதை எழுதுகிறேன்.

என் தொகுப்பின் முதல் பதிவு இப்படி இருந்தது: “மலைமக்களின் வலியும் காதலும் கலந்த கதைகள். விரைவில்.” பின்னணியில் சேர்வராயன் மலைமீது பனி படர்ந்த படம். உறவினர்களும் அலுவலக நண்பர்களும் இதயக்குறி இட்டார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்து வந்த இரண்டு பதிவுகளுக்கும் இதே கதிதான். பெயர் பெற்ற எழுத்தாளர் “விரைவில்” என்று எழுதினால் அந்த ஒரு சொல்லே போதும், ஏனென்றால் வாசகர் எதிர்பார்ப்பது அவரை. முதல் நூல் எழுதுகிறவரை எதிர்பார்க்க இன்னும் யாரும் இல்லை. ஆகவே எதிர்பார்ப்பு முழுவதும் நூலுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளிலிருந்தோ நிகழ்ச்சியிலிருந்தோதான் எழ வேண்டும். இது புரிவதற்குள் மூன்று பதிவுகள், அதாவது ஒன்றரை வாரம், கடந்துவிட்டன.

நான்காவது பதிவுக்கு, காப்பித் தோட்டத்தில் பழம் அளப்பதைப் பற்றிய கதையிலிருந்து ஒரு பொருளை எடுத்தேன். எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த, விளிம்பு நெளிந்த பழைய தகரப் படி அது. அதை வாசல் திண்ணையில் வைத்து, காலை வெயிலில் அலைபேசியிலேயே படம் எடுத்து, கீழே இரண்டு வாக்கியங்கள் எழுதினேன்: “இந்தப் படியால் அளந்தவர், கடைசியில் ஒரு கைப்பிடியை எப்போதும் கூடைக்கே திருப்பிக் கொட்டிவிடுவார். ஏன் என்று லைன் வீட்டில் யாரும் அவரைக் கேட்டதில்லை.” அன்று இரவுக்குள் பதில்கள் வரத் தொடங்கின. நாகலூரில் வளர்ந்த ஒருவர், தம் பாட்டி பழம் பறித்த தோட்டத்தில் மாலையில் அளவு போடும்போது நடக்கும் சண்டைகளை நீளமாக எழுதினார். இன்னொருவர் நேராகவே கேட்டார்: “அண்ணா, அவர் ஏன் திருப்பிக் கொட்டினார்னு சொல்லிடுங்க, தூக்கம் வரல.” நான் சொல்லவில்லை. அவர்தான் முதல் பிரதிக்குப் பெயர் கொடுத்தவர்.

அதன்பின் ஒவ்வொரு வாசகத்துக்கும் இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை வேறொரு நூலின் அட்டைக்குக் கீழே ஒட்டிப் பார்ப்பேன். அங்கும் பொருந்தினால் அடித்துவிடுவேன். “வாழ்வின் வேர்களைத் தேடி” போன்றவை எல்லாம் இதில் விழுந்துவிடும். இரண்டாவது, கேள்வியை எழுப்பும் செய்தி கதையின் முதல் காற்பகுதிக்குள் வருவதாக இருக்க வேண்டும். பின்பகுதியிலிருந்து எடுத்தால், வாசிக்கும்போது அந்த இடம் வருவதற்கு முன்பே வாசகர் அதைக் கண்டுகொள்கிறார். அவருடைய வியப்பை நாமே முன்கூட்டிச் செலவழித்துவிட்டவர்களாகிறோம். ஆசிரியரின் நாவலில் ஒரு கிணற்றைப் பற்றிய அருமையான பத்தி இருந்தது. அதைப் போடலாமே என்று அவர் மிகவும் விரும்பினார். “ஐயா, அது நூற்று எண்பதாம் பக்கம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய தேடல் எதற்கு?” என்று கேட்டேன். சற்று யோசித்து, “சரிங்க தம்பி, தோண்ட ஆரம்பிக்கிற நாளைப் போடுங்க” என்றார். அந்தப் பதிவுக்குத்தான் அவருடைய நூலில் அதிகமான பதில்கள் வந்தன.

இனி நாள் குறிப்பதைச் சொல்ல வேண்டும். என் தொகுப்பில் நான் செய்த பெரிய தவறு இதில்தான். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய அரங்கை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்து, அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பன்னிரண்டு பதிவுகளையும் அடுக்கினேன். அச்சகத்தில் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார்கள். உள்பக்கங்கள் சொன்னபடி முடிந்தன. ஆனால் அட்டை லேமினேஷனுக்கு வெளியே போய்க் காத்திருந்தது, பிறகு பைண்டிங்கிலும் வரிசையில் நின்றது. “இன்னும் ஐந்து நாட்கள்” என்ற பதிவு வெளியான மாலையில் என் கையில் ஒரு பிரதிகூட இல்லை. விழாவை மூன்று வாரம் தள்ளிவைத்தோம். அதுவரை 62 பேர் பிரதி கேட்டுப் பெயர் கொடுத்திருந்தார்கள். புதிய நாளில் வாங்கியவர்கள் 41 பேர். மற்றவர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்களுடைய ஆவல் பழைய ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நூல்களிலும் ஆறு வாரங்களை இரண்டாகப் பிரித்தேன். முதல் எட்டுப் பதிவுகளில் நாளும் இல்லை, இடமும் இல்லை. அவை நூலின் பொருளை மட்டும் பேசின. பைண்டிங் முடிந்த பிரதிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே, நாளைச் சொல்லும் கடைசி நான்கு பதிவுகளை வெளியிட்டேன். இடையில் அச்சகம் தாமதித்தால் பதிவுகளின் இடைவெளி சற்று நீளும். அதை வாசகர் கவனிப்பதில்லை. அறிவித்த நாள் மாறுவதைத்தான் கவனிக்கிறார். அட்டையைக் காட்டும் பதிவையும் இந்தப் பிரிவுக்கே நகர்த்தினேன். திரையில் பளிச்சென்று தெரிந்த காப்பி இலைப் பச்சை, அச்சு மையின் நான்கு நிறக் கலவைக்கு மாறியபோது மங்கி இருண்டுவிட்டது. முன்பே அட்டையைப் பார்த்தவர்கள் “படத்தில் வேறு மாதிரி இருந்ததே” என்றார்கள். இப்போது வடிவமைப்பாளரின் கோப்பைப் போடாமல், அச்சான நூலைக் கையில் பிடித்து எடுத்த படத்தையே போடுகிறேன். போடுவதற்கு முன் அந்தப் படத்தைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். மெல்லிய கோடுகளால் ஆன எழுத்துருவில் சுழிகளும் கொம்புகளும் அந்த அளவில் மறைந்து, தலைப்பு படிக்க முடியாமல் போய்விடும்.

முன்கூட்டியே நேரம் குறித்துவைக்கும் வசதியைப் பற்றி எனக்கு முழு நம்பிக்கை இருந்தது, 2024 டிசம்பர் வரை. ஆசிரியரின் நாவலில் மழைக்காலத்தைப் பற்றி ஒரு வரி உண்டு: “மலை தன் மண்ணை ஒருநாள் கீழே அனுப்பிவைக்கும்.” அதை டிசம்பர் 2, திங்கட்கிழமை மாலைக்குக் குறித்திருந்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; அதைத் தொடர்ந்த பெருமழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. அன்று வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த நான், குறித்துவைத்த பதிவை மறந்தே போனேன். அது சொன்ன நேரத்தில் வெளியாகிவிட்டது. மேலே சிக்கிக்கொண்டவர்களின் உறவினர்கள் அதைப் பார்த்தார்கள். இருபது நிமிடத்தில் நீக்கி, ஆசிரியர் பெயராலும் என் பெயராலும் மன்னிப்புக் கேட்டு எழுதினோம். எல்லாப் பதிவுகளையும் நிறுத்தி, வெளியீட்டை ஜனவரிக்கு மாற்றினோம். அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இப்போது மறுநாளுக்கு உரிய ஒரே ஒரு பதிவுக்கு மட்டும் நேரம் குறிக்கிறேன். மற்றவை வரைவாகவே இருக்கும். காலையில் செய்தித்தாளைப் பார்த்த பிறகுதான் அன்றையதை அப்படியே விடுவதா என்று முடிவு செய்கிறேன்.

எதை எண்ணுவது என்பதிலும் என் கருத்து மாறியிருக்கிறது. விருப்பக்குறிகளுக்கு ஷீட்டில் இப்போது கட்டமே இல்லை. கேள்வியாகவோ நினைவாகவோ வந்த பதில்கள் எத்தனை, பிரதிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எத்தனை என்ற இரண்டு மட்டுமே இருக்கின்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தவர்களின் பட்டியல் தெரியும் என்பது பயனுள்ளது. படித்ததைக் காட்டும் நீலக்குறியை அணைத்துவைத்தவர்கள் அதில் வரமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் பத்துப் பேரில் நால்வர் இரண்டு பதிவுகளுக்குத் தொடர்ந்து காணாமற்போனால், நம் ஸ்டேட்டஸை மியூட் செய்திருக்கக்கூடும் என்று கொண்டு, ஒரு வாரம் நிறுத்திவிடுவேன். வாரத்துக்கு நான்கு பதிவு போட்டுப் பார்த்தபோது இது நடந்தது. இரண்டாகக் குறைத்த பிறகு நடக்கவில்லை. இன்னொன்று, வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்பும் செய்தி நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே முதல் பதிவுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் எண்ணைச் சேமிக்கும்படி கேட்டுக்கொள்வது அவசியமாகிறது. புதிய எழுத்தாளர்களில் பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது நூல் இவற்றையெல்லாம் கடந்து ஒழுங்காக நடந்தது. தறியில் நாடா ஓடும் ஓசையை எட்டு வினாடிக் காணொளியாக இளைஞர் எடுத்துத் தந்தார். மிக நல்ல ஓசை. ஆனால் பலருடைய அலைபேசியில் காணொளி ஒலியின்றியே ஓடத் தொடங்குவதால், “இந்தச் சத்தம் நின்ற வீட்டில் எழுதியவை” என்ற வரியைப் படத்தின்மேலேயே பொறித்தோம். அந்த வரியைப் படித்த பிறகே ஒலியைத் திறந்து கேட்டதாகப் பலர் எழுதினார்கள். பிரதிகள் முன்பே வந்துவிட்டதால், பன்னிரண்டாவது பதிவு தேவைப்படவில்லை.

இந்த முறையால் தீராத குறை ஒன்று உண்டு. படம் கிடைக்கும் பருவமும் நூல் வெளியாகும் பருவமும் ஒன்றாக அமைவதில்லை. இப்போது ஒரு தோழியின் முதல் நாவலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அதன் தொடக்கமே காப்பி பூக்கும் நாளில்தான். கோடையின் முதல் நல்ல மழைக்கு ஏறக்குறைய பத்து நாள் கழித்துப் பூக்கும் அந்த வெண்பூக்கள் மூன்று நான்கு நாளில் வாடிவிடும். மழை வரும் நாளோ யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் பிரதி பாதியில் இருந்தபோதே, பூத்த செய்தி வந்த காலையில் முதல் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போய்ப் படங்களை எடுத்து வந்தேன். ஷீட்டின் முதல் வரிசையில் அவை ஏறிவிட்டன. வெளியிடும் நாளுக்குரிய கட்டம் காலியாக இருக்கிறது. அச்சகத்திலிருந்து பிரதிகள் வரும்வரை அது அப்படியே இருக்கும்.