நீண்ட கேண்டிலைத் துரத்துவதா, இறக்கத்துக்குக் காத்திருப்பதா?

ஒரு பங்கு, விலை வரைபடத்தின் ஒரே கேண்டிலில் 100-இலிருந்து 108-க்கு ஏறி முடிகிறது. அதன் வழக்கமான கேண்டில் நீளம் 3 புள்ளிதான். அடுத்த இலக்கு 116, ஸ்டாப் லாஸ் 99 என்று கொள்வோம்.

ரயில் கிளம்பிவிட்டதே என்ற பதற்றத்தில் 108-இல் வாங்கினால், 8 புள்ளி லாபத்துக்காக 9 புள்ளியைப் பணயம் வைக்கிறோம். ஸ்டாப்பை 106-க்கு நெருக்கினால், சாதாரண அசைவிலேயே வெளியேற நேரும்.

காத்திருப்பவருக்கு ஒரு விதி வேண்டும். கேண்டில் வழக்கமான நீளத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் சந்தை விலையில் வாங்காமல், அதன் நடுப்புள்ளியான 104-இல் லிமிட் ஆர்டர் வைக்க வேண்டும். இப்போது பணயம் 5, லாப வாய்ப்பு 12. ஐந்து கேண்டிலுக்குள் விலை அங்கே வராவிட்டால் ஆர்டரை நீக்கிவிட வேண்டும். விலையைத் துரத்தி ஆர்டரை மேலே நகர்த்தினால் விதியே போயிற்று.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. மிக வலுவான ஏற்றங்கள் பெரும்பாலும் 104-க்குத் திரும்புவதில்லை. தோற்கப்போகும் ஏற்றங்களோ தவறாமல் வந்து ஆர்டரை நிறைவேற்றும். ஆகவே இறங்கும் கேண்டில்கள் சிறிதாகவும் வர்த்தக அளவு குறைந்தும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பெரிய சிவப்புக் கேண்டில் மிகுந்த வர்த்தகத்துடன் 104-ஐ நோக்கி விழுந்தால், ஆர்டர் நிறைவேறும் முன்பே ரத்து செய்வேன்.