முதியோர் காப்பீடு: ஓராண்டு காத்திருப்பா, மூன்றாண்டு காத்திருப்பா?

கோபிச்செட்டிபாளையத்தில் மஞ்சள் விவசாயம் செய்யும் 66 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மகன் முன் இரண்டு பாலிசிகள்.

முதலாவதில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு, அதாவது அதற்குப் பணம் தராத தொடக்கக் காலம், 12 மாதம்தான். ஆனால் அந்நோய்க்கான பில்லில் பாதியை நாமே கட்ட வேண்டும். இரண்டாவதில் 36 மாதம் (விதிப்படி அதுவே உச்சம்), நம் பங்கு 20 சதவீதம்.

சர்க்கரையால் காலில் புண் முற்றி, கோவை மருத்துவமனையில் 4 லட்சம் ரூபாய் பில் வருகிறது என்று வைப்போம். இரண்டாம் ஆண்டில் என்றால் முதல் பாலிசி 2 லட்சம் தரும். அடுத்தது ஒரு பைசாவும் தராது. நான்காம் ஆண்டில் முதலாவது அதே 2 லட்சம், இரண்டாவது 3.20 லட்சம். குறுகிய காத்திருப்புக்கான விலையை ஆயுள் முழுதும் கட்டுகிறோம் என்பதை முகவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்.

சர்க்கரை கட்டுக்குள் இருந்து, மூன்றாண்டைத் தாங்கும் சேமிப்பும் இருந்தால் இரண்டாவதையே எடுப்பேன். சிறுநீரகமோ காலோ ஏற்கெனவே பாதித்திருந்தால் முதலாவதுதான்.

பிரீமியம் இரண்டிலும் ஏறும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அந்த 10 சதவீதமே ஆண்டுதோறும் ஏறினால், 30,000 ரூபாய் ஐந்தாண்டில் 48,000-ஐத் தாண்டும்.

எதை எடுத்தாலும் சர்க்கரையை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால், பழைய மருந்துச் சீட்டைக் காட்டியே கோரிக்கையை மறுத்துவிடுவார்கள்.