எச்சரிக்கை: பழைய காரின் ஏசியில் “எல்லாத்துக்கும் ஒரே கேஸ்தான்” என்று சொல்லி நிரப்பியதில் கம்ப்ரஸர் போனது

மதுரையில் எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய 1993ஆம் ஆண்டுக் கார் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதன் ஏசிக்கு நேர்ந்த கதியை, பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் நேராமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் குளிர்ச்சி குறைந்ததால், வீட்டுக்கு அருகில் இருந்த ஏசி கடை ஒன்றுக்கு வண்டியை எடுத்துச் சென்றேன். கேஸ் குறைந்திருக்கிறது, டாப்-அப் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். பானெட்டின் உட்புறத்தில் நிறம் மங்கிய ஒரு ஸ்டிக்கர் உண்டு. அதில் ஆர்-12 என்றும் 900 கிராம் என்றும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டி, “இது பழைய வண்டியாச்சே, அந்த கேஸ்தான் போடுறீங்களா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இப்ப கிடைக்காது சார். எல்லாத்துக்கும் ஒரே கேஸ்தான்” என்று சொல்லிவிட்டு, கேஸ் ஏற்றும் வாயில் ஒரு பித்தளை அடாப்டரைத் திருகி மாட்டி, சிறிய கேன் ஒன்றிலிருந்து ஆர்-134ஏ வாயுவை ஏற்றினார். உள்ளே மிச்சமிருந்த பழைய வாயுவை வெளியே எடுக்கவில்லை, வேக்யூம் போடவில்லை, எடை பார்க்கவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. 2,200 ரூபாய் கொடுத்தேன்.

அந்த அடாப்டரைப் பார்த்தபோதே நான் தடுத்திருக்க வேண்டும். ஆர்-12 வண்டிகளில் கேஸ் ஏற்றும் வாய் திருகு மரை கொண்டது. ஆர்-134ஏ வண்டிகளில் அழுத்தி மாட்டும் வகை. ஒன்றுக்கு உரிய குழாய் மற்றொன்றில் தவறிக்கூடப் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வேறுபடுத்தி வைத்திருக்கிறார்கள். முறையாக மாற்றியமைத்த வண்டியிலும் அடாப்டர் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அது மற்ற எல்லா வேலையும் முடிந்த பின் நிரந்தரமாகப் பொருத்தப்படுவது; என் வண்டியில் அந்த அடாப்டரை மாட்டியதோடு வேலையே முடிந்துவிட்டது.

முதல் மூன்று வாரம் குளிர்ச்சி நன்றாகவே இருந்தது. இந்த ஏமாற்று வேலை எளிதில் பிடிபடாமல் போவதற்குக் காரணம் இதுதான்: இரண்டு வாயுக்களின் அழுத்தமும் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், எதை நிரப்பினாலும் முதலில் குளிரும். பிறகு, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கியது. ஆறாவது வாரத்தில் ஒருநாள் மேலூர் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது கம்ப்ரஸர் பக்கமிருந்து கீச்சென்ற சத்தம் எழுந்து, பெல்ட் கருகும் நாற்றம் வந்தது. கம்ப்ரஸர் இறுகிவிட்டது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வாயுவை எடுப்பதற்கு முன், மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது கேஜை மாட்டிப் பார்த்தார். அப்போது வெப்பநிலை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆர்-12 ஆனாலும் ஆர்-134ஏ ஆனாலும் 95 பிஎஸ்ஐ அளவில்தான் காட்ட வேண்டும். எங்கள் வண்டியில் முள் 110ஐத் தாண்டி நின்றது. இவ்விரண்டு வாயுக்களும் கலந்தால், அந்தக் கலவையின் அழுத்தம் தனித்தனியே இரண்டுக்கும் உள்ள அழுத்தத்தைவிடக் கூடிவிடும் என்றும், வேக்யூம் போடாததால் உள்ளே தங்கிய காற்றும் அதோடு சேர்ந்திருக்கலாம் என்றும் விளக்கினார். சிக்னலில் நிற்கும்போது கண்டென்சருக்குக் காற்று குறைகிறது. சூட்டில் ஆர்-134ஏவின் அழுத்தம் இயல்பாகவே ஆர்-12ஐவிட அதிகம். பழைய வாயுவுக்கென்று அளவெடுத்துச் செய்த கண்டென்சரால் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியவில்லை.

ஆனால் கம்ப்ரஸரைக் கொன்றது அழுத்தத்தைவிட எண்ணெய்தான். அதைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு ஸ்பூன் அளவுக்குக் கறுத்த எண்ணெய் மட்டும் வடிந்தது, அதில் அலுமினியத் துகள் வெயிலில் மினுமினுத்தது. பிறகு கூலிங் காயிலில் நைட்ரஜன் வைத்து ஊதியபோது, காணாமல்போன எண்ணெய் அங்கிருந்து கொழகொழவென்று வந்து விழுந்தது.

பெரும்பாலான கார் ஏசிகளில் கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்து அமைப்பு முழுதும் சுற்றி, வாயுவோடுதான் கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும். ஆர்-12க்குப் போட்டிருந்தது மினரல் ஆயில். அது ஆர்-12இல் நன்றாகக் கரையும். ஆர்-134ஏவில் அது கரையாது. கம்ப்ரஸரிலிருந்து வெளியே போன எண்ணெய், குளிர்ந்த கூலிங் காயிலில் தேங்கி அங்கேயே நின்றுவிட, கம்ப்ரஸர் நாளுக்கு நாள் வறண்டு தேய்ந்திருக்கிறது. ஆர்-134ஏவோடு பிறந்த வண்டிகளில் பிஏஜி என்ற செயற்கை எண்ணெய் இருக்கும். அதைப் பழைய வண்டியில் அப்படியே ஊற்றுவதும் நல்லதல்ல. ஆர்-12 விட்டுச்சென்ற குளோரின் எச்சம் அதைக் கெடுக்கும் என்பதால், மாற்றியமைக்கும் வண்டிகளுக்கு எஸ்டர் வகை எண்ணெயையே போடுகிறார்கள்.

ஆர்-12 கிடைப்பதில்லை என்று முதல் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆகவே மாற்றியமைப்பதைத் தவிர வழியில்லை. அதை முறையாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம். இரண்டாமவர் கலப்பு வாயுவைத் தனி சிலிண்டரில் இறக்கி, குழாய்களையும் காயிலையும் கழுவி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் புதிய வாயுவுக்கு ஏற்றவையாக மாற்றி, வேறு கம்ப்ரஸர் வைத்து எஸ்டர் ஆயில் ஊற்றினார். டிரையரை மாற்றாவிட்டால், ஈரத்தை உறிஞ்சும் உள்மணிகள் புதிய வாயுவிலும் எண்ணெயிலும் சிதையக்கூடும் என்றார். முக்கால் மணி நேரம் வேக்யூம் இழுத்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாயுவை எடைபோட்டு ஏற்றினார். 900 கிராமுக்குப் பதில் 770 கிராம். பழைய எடையில் 85 முதல் 90 விழுக்காடுதான் ஆர்-134ஏ போட வேண்டுமாம். எனக்கு ஆன செலவு 31,000 ரூபாய்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களும் இதைத் தங்களுக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்பனையாகும் புதிய கார்களில் ஆர்-134ஏவை நிரப்பச் சட்டம் அனுமதிப்பதில்லை. பூமியை வெப்பமாக்கும் தன்மை மிகக் குறைந்த ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயுவே பெரும்பாலும் வருகிறது. இறக்குமதியாகி இங்கு ஓடும் சில கார்களிலும் அது உண்டு. அது பலமடங்கு விலை என்பதால், அந்த இடத்தில் ஆர்-134ஏவை ஏற்றி விலை உயர்ந்த வாயுவுக்குப் பணம் வாங்கும் ஆசை சிலருக்கு வரும். அழுத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் அப்போதும் குளிரத்தான் செய்யும். தலைகீழாக, ஆர்-134ஏ வண்டியில் புதிய வாயுவை நிரப்புவதும் தவறு. அது இலேசாகத் தீப்பற்றக்கூடியது, பழைய வண்டியின் கூலிங் காயில் அதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ப்ரொப்பேன் கலந்த மலிவான “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” கேன்களோ சமையல் கேஸைப் போலவே எரியும். அவற்றைக் காருக்குள் இருக்கும் காயிலுக்கு அனுப்ப நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

நஷ்டத்தைக் கேட்க முதல் கடைக்குத் திரும்பப் போனேன். பில்லைக் காட்டச் சொன்னார்கள். அதில் “கேஸ் டாப்-அப்” என்று மட்டுமே இருந்தது; எந்த வாயு, எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. “நாங்க தப்பான கேஸ் போட்டோம்னு இதுல எங்க சார் இருக்கு?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. இரண்டாமவர் கொடுத்த பில்லில் ஆர்-134ஏ, 770 கிராம், எஸ்டர் ஆயில் என்று மூன்றும் எழுதியிருக்கின்றன. பானெட்டின் உட்புறத்தில் பழைய ஸ்டிக்கரின் மேல் அதே விவரங்களோடு தேதியிட்ட புதிய ஸ்டிக்கரையும் ஒட்டியிருக்கிறார்.