மாந்தோப்பை விலை பேசுவது எப்போது: பூவிலா, பிஞ்சிலா, எடை போட்டா?

கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் தை மாதம் பிறந்ததும் இதைத்தான் பேசிக்கொள்வார்கள். பூ வந்திருக்கும்போதே வியாபாரி வந்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார். வேண்டாம் என்றால் பங்குனியில் காய் எலுமிச்சை அளவுக்கு வந்தபிறகு இன்னொருவர் வருவார். அதையும் விட்டுவிட்டால் நாமே காவல் போட்டுப் பறித்து, மண்டிக்கோ கூழ் ஆலைக்கோ எடை போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்றில் எது லாபம் என்பதற்கு ரகத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது, அதனால் இங்கே அதிகம் இருக்கிற பெங்களூராவை (கிளிமூக்கு என்பதும் இதுதான்) எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஐந்து ஏக்கர், 200 மரம், நன்றாகக் காய்க்கும் வயது. பூவில் வியாபாரி 80,000 தருகிறேன் என்கிறார், பிஞ்சில் 1,10,000 என்கிறார். பார்த்தவுடன் 30,000 கூட வருவதுபோல் தெரியும். ஆனால் பூவுக்கும் பிஞ்சுக்கும் நடுவில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிக்க வேண்டும். பூவில் பேசினால் அந்தச் செலவு அவருடையது, பிஞ்சுவரை காத்திருந்தால் நம்முடையது. மூன்று தடவை அடிக்க மருந்து, ஆள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 24,000 என்று வைத்தால் பிஞ்சு விலையில் நம் கையில் நிற்பது 86,000. அதாவது காய் பிடிக்குமா பிடிக்காதா என்ற பயத்தை இரண்டு மாதம் நாம் சுமந்ததற்குக் கிடைத்த கூலி 6,000 ரூபாய்தான். மாவில் பூக்கிற பூவில் நூற்றில் ஒன்றுகூட அறுவடைவரை நிற்பதில்லை, மரம் முழுக்கப் பூத்து நிற்பதைப் பார்த்து மகசூல் சொல்ல யாராலும் முடியாது. அதனால் அந்த 6,000-க்கு இது சரியான பேரம் இல்லை.

ஆனால் பிஞ்சில் நமக்கு ஒரு பலம் உண்டு, அப்போது காயை எண்ணலாம். வியாபாரி தோப்பைச் சுற்றி வந்து பத்து நிமிடத்தில் தொகை சொல்வதைப் பார்த்து அவருக்கு ஏதோ கைவந்த கலை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அவரும் எண்ணித்தான் சொல்கிறார், அதையே நாமும் செய்யலாம். முதலில் மரங்களை நல்ல காய்ப்பு, நடுத்தரம், காய்ப்புக் குறைந்தது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் போன வருடம் நிறையக் காய்த்த மரம் இந்த வருடம் ஓய்வெடுக்கலாம், எல்லா மரத்துக்கும் ஒரே சராசரி போட்டால் கணக்கு தப்பிவிடும். ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மரத்தை நான்கு பாகமாக மனத்தில் பிரித்து, எதிரெதிரான இரண்டு பாகத்தில் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டும். ஒரே பாகத்தை எண்ணி நான்கால் பெருக்கினால் பெரும்பாலும் கூடிப்போகும், நம் கண் தானாகவே காய் அதிகமுள்ள பக்கத்தில்தான் போய் நிற்கும். வெளியே நின்று ஒரு தடவை, அடிமரத்தில் முதுகை வைத்து மேலே பார்த்து ஒரு தடவை எண்ணினால் இலைக்குள் மறைந்த காயும் தெரியும்.

நம் தோப்பில் நல்ல மரம் 60, மரத்துக்கு 400 காய். நடுத்தரம் 100, மரத்துக்கு 200. காய்ப்புக் குறைந்தது 40, மரத்துக்கு 40. மொத்தம் 45,600. இதில் இன்னும் உதிரப் போவதை, காற்றடிக்காத வருடத்துக்குக் கால் பங்கு என்று வைத்தால் மிச்சம் 34,200. காய் 400 கிராம் என்று போட்டால் ஏறக்குறைய பதின்மூன்றரை டன்.

அந்தக் கால் பங்கு என்பதும் சும்மா சொல்கிற எண்ணாக இருக்க வேண்டாம். மரத்தடியில் விழுந்து கிடக்கிற பிஞ்சையும், கிளையில் சற்றுச் சிறுத்து வெளிறிப்போன பிஞ்சையும் நான்கைந்து எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு சுருங்கியிருந்தால் அது கரு வளராத காய், அந்த மாதிரி கிளையில் இருப்பதெல்லாம் விழத்தான் போகிறது, எண்ணும்போதே கழித்துவிட வேண்டும். குலையில் ஒரு பெரிய காயும் பட்டாணி போல நாலைந்தும் இருந்தால் பெரியதை மட்டும் எண்ணினால் போதும்.

இப்போது வியாபாரியின் பக்கம் நின்று பார்ப்போம். கிலோ 15 ரூபாய் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தால், பறிகூலிக்கும் வண்டிக்கும் 2 ரூபாய், மண்டி கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று 1.50 போக 11.50 நிற்கும். பதின்மூன்றரை டன்னுக்கு 1,55,000 சொச்சம். காவலுக்கு 20,000 போனால் அவர் கையில் 1,35,000. இதற்குள்தான் அவருடைய லாபமும் ஆபத்துக்கான ஈடும் இருக்க வேண்டும். அதனால் 1,10,000 என்பது அவர் கேட்கிற ஆரம்ப விலை, 1,20,000 வரை ஏற்ற இடமிருக்கிறது. எண்ணிய கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பேசினால் ஏறும். பூவில் இப்படிப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது.

சரி, நாமே எடை போட்டு விற்றால்? அதே 15 ரூபாய்க்குப் பறிகூலி, வண்டி, கமிஷனோடு மருந்தும் காவலும் கழித்து 1,11,000 வரும். 25 ரூபாய் போனால் 2,33,000. ஆனால் 5 ரூபாய்க்கு விழுந்தால் கையிலிருந்து 10,000 போகும். பெங்களூராவில் இந்த 5 ரூபாய் வெறும் பயமுறுத்தல் இல்லை. இதன் விலையைச் சாப்பிடுகிறவர்கள் தீர்மானிப்பதில்லை, கூழ் ஆலைகள் தீர்மானிக்கின்றன, அவர்களிடம் போன வருடக் கூழ் தேங்கியிருந்தால் வாங்குவது குறைந்துவிடும். 2025-ல் அதுதான் நடந்தது. கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது, பக்கத்து ஆந்திரத்தில் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள், சித்தூர் மாவட்டத்துக்குள் வெளிமாநிலக் காய் வரத் தடையும் போட்டார்கள். இங்கிருந்து சித்தூர் ஆலைகளை நம்பி வண்டி ஏற்றுகிறவர்களுக்கு அது என்ன அடி என்று சொல்ல வேண்டியதில்லை. பறிகூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே விடுவது எவ்வளவு வலி!

அதனால் பெங்களூரா தோப்பென்றால் எண்ணிப் பார்த்துப் பிஞ்சில் கொடுத்துவிடுவதே நல்லது என்பேன், தை முதல் ஆள் வைத்து மருந்தடிக்க முடியாதவர்கள் மட்டும் பூவில் பேசலாம். பங்கனப்பள்ளி, இமாம்பசந்த் மாதிரி சாப்பிடுகிற ரகமாக இருந்து, அறுவடைக்குத் தோப்பில் நிற்க வீட்டில் ஆளும் இருந்தால் எடை போட்டே விற்கலாம், அங்கே ஆலை பிடி இவ்வளவு இறுக்கம் இல்லை, நேரடியாகப் பெட்டி போட்டு விற்கவும் வழி இருக்கிறது.

பிஞ்சில் கொடுப்பதில் பெரிய ஓட்டை கடைசித் தவணை. பேசும்போது மூன்றில் ஒரு பங்கு, பறிப்பு தொடங்கும்போது ஒரு பங்கு, முடிந்ததும் மீதி என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். நடுவில் விலை சரிந்தால் நல்ல காயை ஏற்றிக்கொண்டு மீதியை மரத்தில் விட்டுப் போய்விடுவார்கள், கடைசிப் பங்கு வராது. எனவே பாதிக் காய் மரத்தில் இருக்கும்போதே முழுத்தொகையும் கைக்கு வர வேண்டும் என்று தாளில் எழுதி வாங்குங்கள், கிளையை ஒடித்துப் பறிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து. இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கேட்டால் கொடுக்கவே வேண்டாம், பூ தள்ள வைக்கிற கல்டாரை வேரில் அளவில்லாமல் ஊற்றி அவர் எடுத்துக்கொண்டு போனபிறகு, துளிர்க்கச் சிரமப்படுகிற மரத்தை வைத்துக்கொண்டு நாம்தான் பல வருடம் நிற்க வேண்டியிருக்கும்.