பிட்ச் வீடியோவிலிருந்து முதலீட்டுக் குழுவுக்குக் குறிப்பு: ‘சரிபார்க்கவில்லை’ என்ற குறியோடு சில ஆண்டுகள்

முதலீடு கேட்டு நிறுவனர் பேசிய வீடியோவை முதலீட்டுக் குழுவில் எல்லோரும் முழுதாகப் பார்ப்பதில்லை. கூட்டத்துக்கு முன்பு அவர்கள் கையில் இருப்பது இரண்டு பக்கச் சுருக்கக் குறிப்பு மட்டுமே. தொடக்கநிலை நிறுவனங்களில் பணம் போடும் ஒரு சிறு குழுவுக்கு அந்தக் குறிப்பை எழுதுவது என் வேலை. இன்னும் சரிபார்க்காத கூற்றுகளைத் தனியாக அடையாளமிடும் முறையைச் சில ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். அது எங்கே கைகொடுத்தது, எங்கே தேய்ந்துபோனது என்று சொல்கிறேன்.

முறை எளிமையானது. முடிவைப் பாதிக்கக்கூடிய ஒவ்வொரு கூற்றின் அருகிலும் வீடியோவில் அது வரும் நிமிடத்தையும் விநாடியையும் எழுதுவேன். அதையடுத்து மூன்று சொற்களில் ஒன்று வரும்: ‘சொன்னார்’, ‘கேட்டிருக்கிறோம்’, ‘பார்த்தோம்’. ‘கேட்டிருக்கிறோம்’ என்றால் ஆவணத்தைக் கேட்டிருக்கிறோம், இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள். ‘பார்த்தோம்’ என்று எழுத வேண்டுமானால் எந்த ஆவணம், எந்த மாதத்துக்கு உரியது என்ற இரண்டும் அதே வரியில் இருக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தை வைத்து விளக்குகிறேன். நூற்பாலை இயந்திரங்களில் அதிர்வு உணரிகளைப் பொருத்தி, பழுது வருமுன் எச்சரிக்கும் மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். வீடியோவில் நிறுவனர் சொன்னவற்றில் நான்கு கூற்றுகள் கனமானவை. ஆண்டுத் தொடர் வருவாய் 3.6 கோடி ரூபாய். 42 ஆலைகள் வாடிக்கையாளர்கள். காப்புரிமை கையில் இருக்கிறது. ஒரு பெரிய ஜவுளிக் குழுமத்தின் ஒப்பந்தம் ‘ஏறக்குறைய முடிந்துவிட்டது’.

முதலில் வருவாய். 3.6 கோடி என்பது கடைசி மாதம் பில் போட்ட 30 லட்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கிய தொகை. இதைச் சரிபார்க்க, அந்த மாத விற்பனையை ஜிஎஸ்டி துறைக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைக் கேட்டோம். மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் போதாது. வீடியோ அழைப்பில் அவர்களே ஜிஎஸ்டி தளத்துக்குள் நுழைந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நேர்மையான நிறுவனர்கள் இதற்கு முகம் சுளித்து நான் கண்டதில்லை. அந்தப் படிவத்தில் விற்ற பொருள், சேவை ஆகியவற்றின் குறியீடுவாரியான தொகுப்பு ஒன்று உண்டு. சேவைகளின் குறியீடு 99 என்று தொடங்கும். அதனால் உணரிக் கருவியின் விற்பனையையும் சந்தாவையும் பிரித்துப் பார்க்கலாம். கருவியும் பொருத்தும் கூலியும் சேர்ந்து 13 லட்சம், சந்தா 17 லட்சம் என்று வந்தது. அந்தக் கூலியும் ஒரு சேவைதான், ஆனால் அதற்குத் தனிக் குறியீடு போட்டிருந்ததால் சிக்கல் இல்லை. கருவியை ஓர் ஆலைக்கு ஒரு முறைதான் விற்க முடியும். ஆகவே தொடர் வருவாய் 17 லட்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கிய 2.04 கோடிதான். நிறுவனர் பொய் சொல்லவில்லை. ஒரு முறை வந்த பணத்தையும் மாதாமாதம் வரும் பணத்தையும் சேர்த்துப் பெருக்கியிருந்தார். குறிப்பில் அந்த வரி இப்படி மாறியது: ‘3.6 கோடி, சொன்னார், 06:40. சந்தா மட்டும் 2.04 கோடி, பார்த்தோம், ஜிஎஸ்டிஆர்-1, கடைசி மாதம்.’ பழைய எண்ணை நான் அழிப்பதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இடைவெளி எவ்வளவு என்று குழுவுக்குத் தெரியும்.

இந்த ஓர் எண்ணின் மேல் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஹெட்ஸ்பின் நிறுவன வழக்கில், வாங்காமல் விசாரித்துவிட்டு மட்டும் போனவர்கள் பெயரிலும் விலகிவிட்ட வாடிக்கையாளர்கள் பெயரிலும் தொடர் வருவாய் காட்டப்பட்டதாக 2021இல் குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எங்கள் நூற்பாலை நிறுவனத்தை அதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் திறந்து பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்.

வாடிக்கையாளர் எண்ணிக்கையில் அவசரப்பட்டால் நிறுவனருக்கு அநியாயம் செய்துவிடுவோம். 42 ஆலைகள் என்றார். ஜிஎஸ்டிஆர்-1இல் வாங்கியவர்களின் பதிவெண்கள் 23தான் இருந்தன. இதைப் பார்த்தவுடன் ‘பொய்’ என்று எழுதக் கூடாது. ஒரு நிறுவனத்துக்கு ஒரே மாநிலத்தில் ஐந்து ஆலைகள் இருந்தாலும் ஒரே பதிவெண்ணில் பில் வரலாம். பில்களில் சரக்கு இறக்கிய முகவரியைத் தனித்தனியாக எண்ணினோம். பணம் கொடுக்கும் ஆலைகள் 31. மீதி 11 ஆலைகளில் கருவி இலவசச் சோதனையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த 11இல் எத்தனை சந்தாவுக்கு மாறும் என்பது வேறு கேள்வி. அதற்கு முந்தைய சோதனைகளின் கதை என்ன ஆயிற்று என்ற பட்டியல் வேண்டும். அதைக் கேட்டுக் குறித்துவைத்தேன்.

காப்புரிமைக் கூற்று எளிதில் தீர்ந்தது. இருந்தது விண்ணப்பம் மட்டுமே, அதுவும் தற்காலிக விவரக்குறிப்போடு. முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாத அவகாசம். பொதுத் தளத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக விண்ணப்பமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வழக்கமாக 18 மாதங்களுக்குப் பிறகுதான் விண்ணப்பம் வெளியாகும். தாக்கல் ரசீதைக் கேட்டு வாங்கினோம்.

இந்த முறையில் நான் கண்ட பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. சுருக்கம் ஒவ்வொரு கையாக மாறும்போது நிறுவனரின் தயக்கம் உதிர்ந்துவிடுகிறது. ‘ஏறக்குறைய முடிந்துவிட்டது, அடுத்த மாதம் கையெழுத்தாகும் என்று நினைக்கிறோம்’ என்று வீடியோவில் சொல்கிறார். குறிப்பில் அது ‘ஒப்பந்தம் இறுதிக்கட்டத்தில்’ ஆகிறது. அதிலிருந்து யாரோ முதல் பக்கத்துக்கான ஐந்து வரியை எடுக்கும்போது ‘பெரிய குழுமத்துடன் ஒப்பந்தம்’ என்று நிற்கிறது. குறி அடிக்குறிப்பில் இருந்தால் அங்கேயே தங்கிவிடும்; வாக்கியம் மட்டும் பயணம் செய்யும். அதனால் இப்போது குறியை வாக்கியத்துக்குள்ளேயே வைக்கிறேன்: ‘பெரிய குழுமத்துடன் ஒப்பந்தம் அடுத்த மாதம் கையெழுத்தாகும் என நிறுவனர் நினைக்கிறார் (19:15), கடிதம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.’ வெட்டி ஒட்டுபவர் குறியை விட்டுவிட நினைத்தால் வாக்கியத்தையே திருத்தி எழுத வேண்டும். எண்களுக்கு இந்த வழி சரிப்படுவதில்லை. எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அட்டவணையில் எண் இருக்கும் கட்டத்துக்குள்ளேயே ‘சொன்னார்’ என்று எழுதுவது ஓரளவு உதவுகிறது.

இன்னொன்று: எல்லாவற்றையும் குறித்தால் எதையும் குறிக்காததற்குச் சமம். சந்தையின் மொத்த அளவு, போட்டியாளர் எவரும் இல்லை என்ற பேச்சு, மூன்றாண்டுக் கணிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் குறி போட்டுப் பக்கம் முழுக்க மஞ்சளாக்கினால் குழு பார்வையை அதற்குப் பழக்கிக்கொள்கிறது. அந்தக் கூற்று பொய்யானால் நாம் கொடுக்கும் மதிப்பீடோ தொகையோ மாறுமா என்று கேட்டுக்கொள்கிறேன். மாறாது என்றால் குறிப்பிலேயே சேர்ப்பதில்லை.

கூட்டத்தில் விவாதம் 2.04 கோடியிலிருந்து தொடங்கியது. மதிப்பீடு அதற்கேற்பக் குறைந்தது, நிறுவனரும் ஒத்துக்கொண்டார். குழும ஒப்பந்தம் மட்டும் கடைசி வரை ‘கேட்டிருக்கிறோம்’ நிலையிலேயே இருந்தது. அதை முதலீட்டு ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதிவிட்டார்கள்: முதல் தவணை உடனே, கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலும் முதல் பில்லுக்கான பணம் வங்கியில் வரவானதும் காட்டப்பட்ட பிறகே இரண்டாம் தவணை.