சேனல் ஹேக் ஆகிவிட்டதோ என்ற பயத்தில் 18,500 ரூபாய் போனது: இதைப் படிக்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஓர் அக்கா யூடியூபில் கோலச் சேனல் நடத்துகிறார். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம் எல்லாம் நிதானமாகக் கையைக் காட்டிப் போட்டுச் சொல்லித்தரும் சேனல். மார்கழிக்கு முந்தைய வாரங்கள்தான் அவருக்கு அறுவடை. சரியாக அந்த நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 34 வீடியோக்கள் சேனலில் காணவில்லை. "ஹேக் பண்ணிட்டாங்கப்பா" என்று முகநூல் குழுவில் புலம்பினார். பதிவின் கீழே ஒருவன், "என் சேனலையும் இவங்கதான் மீட்டுக் கொடுத்தாங்க, நம்பிக்கையான ஆளுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டான். அது ஒரு சேனல் ரெக்கவரி ஏஜென்சி. பெயர் சொல்லப்போவதில்லை. இந்தப் பெயர் போனால் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள்.

18,500 ரூபாய். முதலில் 3,500 "ஸ்கேன் கட்டணம்", பிறகு 15,000 "ரெக்கவரி கட்டணம்". நிறுவனம் என்றார்கள், ஆனால் யுபிஐயில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர்.

அவர் ஏன் நம்பினார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரும் அதே இடத்தில்தான் விழுவார். அந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினான். சேனல் எந்த வருடம் எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது, மொத்த பார்வைகள் எத்தனை, எத்தனை வீடியோ என்று கேட்காமலே சொன்னான். "உள்ளே டூல் வெச்சிருக்கோம் அக்கா, அதுல தெரியுது" என்றான். அந்த விவரம் எல்லாம் சேனலின் அறிமுகப் பகுதியைத் திறந்தால் யாருக்கும் தெரியும். பிறகு அக்காவையே திரையைப் பகிரச் சொல்லி, கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறக்க வைத்தான். அதில் அவருடைய ஃபோன் பெயருக்குக் கீழே "மும்பை" என்று இருந்தது. "பாத்தீங்களா, ஹேக்கர் மும்பையில உக்காந்திருக்கான்" என்றான். அந்த ஒரு வரியில்தான் 15,000 போனது.

மும்பை என்று காட்டினால் மும்பையில் ஆள் இருக்கிறான் என்று பொருள் இல்லை. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது கூகுள் பார்ப்பது தொலைபேசி நிறுவனத்தின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை. அந்த முகவரி நிறுவனத்தின் எந்த ஊர் நுழைவாயிலில் பதிவாகியிருக்கிறதோ, அந்த ஊர்தான் திரையில் வரும். வீட்டு வைஃபையில் ஒன்று, வெளியே போனால் இன்னொன்று என்று ஒரே ஃபோன் இரண்டு ஊரைக் காட்டுவது சாதாரணம். சந்தேகமாக இருந்தால் இப்படிப் பாருங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, இன்பாக்ஸின் கீழே வலது மூலையில் Details என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் தட்டினால், கடைசிப் பத்து நுழைவுகள் நேரத்தோடும் ஐபியோடும் வரும். பிரவுசரா, மொபைலா, ஐமேப் வழியாக வேறு மெயில் செயலியா என்பதும் இருக்கும். அதே நேரம் ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் what is my ip என்று தேடுங்கள். எண்கள் முழுதும் ஒத்துப்போகாது, அடிக்கடி மாறும். ஆனால் ஐபி எந்த நிறுவனத்துடையது என்பது ஒத்துப்போகும். அக்காவின் பட்டியலில் இருந்த எல்லாமே அவருடைய ஃபோனும் அவர் வீட்டு மடிக்கணினியும்தான். ஃபோன் மாடல் பெயரே எழுதியிருந்தது, அதைப் பார்க்க விடாமல் ஊர் பெயரைச் சுட்டிக்காட்டினான் படுபாவி.

உண்மையில் நடந்தது என்ன? கணக்கு சுத்தமாக இருந்தது. கூகுள் கணக்கில் Security பகுதியில் Recent security activity என்று ஒன்று இருக்கிறது. கடவுச்சொல் மாறியதா, மீட்பு எண் மாறியதா, புதிய சாதனம் நுழைந்ததா என்று கடந்த 28 நாட்களுக்குக் காட்டும். அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் சேனலில் வீடியோக்கள் போயிருந்தன. இந்த இரண்டும் முரண்போலத் தெரிவதால்தான் ஆட்கள் குழம்பிப் போய்ப் பணம் கட்டுகிறார்கள்.

கணக்கு வேறு, சேனல் வேறு. யூடியூப் ஸ்டூடியோவில் Settings போய் Permissions திறந்தால் இந்தச் சேனலைத் தொட யார் யாருக்கு உரிமை இருக்கிறது என்று தெரியும். அக்காவின் பட்டியலில் முன்பு எடிட்டிங் செய்து கொடுத்த பையனின் மின்னஞ்சல் இன்னும் Manager ஆகவே இருந்தது. பாக்கிப் பணத்துக்காகச் சண்டை போட்டுவிட்டுப் போனவன். மேனேஜர் வீடியோக்களை மறைக்கலாம், அழிக்கலாம், நேரலை போடலாம், வேறு ஆட்களைச் சேர்க்கலாம், சேனலையே அழிக்க மட்டும்தான் முடியாது. அவன் நுழைவது அவனுடைய சொந்தக் கணக்கில். எனவே அக்காவின் நுழைவுப் பட்டியலில் அவன் வரவே மாட்டான்.  ஸ்டூடியோவில் Content திறந்து Visibility வடிகட்டியில் Private போட்டபோது 34 வீடியோவும் அப்படியே நின்றன. ஒன்றும் அழியவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து Public ஆக்க சில நிமிடம்தான் ஆனது. பையனிடம் பேசியபோது "கோவத்துல பண்ணேன்ணா" என்று ஒத்துக்கொண்டான். அது தனிக்கதை, அதற்கு இங்கே இடமில்லை.

அதே Permissions பட்டியலில்தான் இன்னொரு பெயரும் இருந்தது: ரெக்கவரிக்காரனின் மின்னஞ்சல், அதுவும் Manager. "ஸ்கேன் பண்ண அனுமதி வேணும்" என்று சேர்க்க வைத்திருக்கிறான். 18,500 வாங்கிக்கொண்டு, சேனலின் சாவியையும் வாங்கி வைத்திருந்தான். ஹேக் ஆகாத சேனலை ஹேக் ஆகத் தயாராக வைத்துவிட்டுப் போனான் என்றே சொல்ல வேண்டும். அந்த வரிசையில் இருக்கும் கீழ்அம்பைத் தட்டி Remove access கொடுத்து, Save அழுத்த வேண்டும். Save அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் மாறாது, பலர் அங்கேதான் தவறவிடுகிறார்கள். பலர் சேர்ந்து நடத்தும் பழைய பிராண்ட் கணக்காக இருந்தால் myaccount.google.com/brandaccounts பக்கத்திலும் தனியாகப் பாருங்கள், உரிமையாளர் பட்டியல் அங்கேயும் இருக்கும்.

பணம் கட்டிய பிறகு கிடைத்த பதில்களைச் சொன்னால் உங்களுக்கும் எரியும். முதலில், "டிக்கெட் ரெய்ஸ் ஆயிருச்சு அக்கா, 72 மணி நேரம்." பிறகு, "டெக்னிக்கல் டீம் ஒர்க் பண்ணிட்டிருக்கு." பிறகு, "உங்க சேனல்ல ரெண்டு ஸ்ட்ரைக் மறைஞ்சு கிடக்கு, மூணாவது வந்தா போச்சு, அதை எடுக்க இன்னொரு 9,000." இந்த இடத்தில்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. ஸ்ட்ரைக் என்பது விதி மீறினால் யூடியூப் சேனலுக்குக் கொடுக்கும் தண்டனை, மறைந்து கிடக்கும் ஸ்ட்ரைக் என்று ஒன்றே கிடையாது. ஸ்ட்ரைக் வந்தால் மின்னஞ்சல் வரும், ஸ்டூடியோவின் முகப்பிலேயே எச்சரிக்கை நிற்கும், வீடியோ பட்டியலில் Restrictions பத்தியிலும் தெரியும். சமூக விதி ஸ்ட்ரைக் என்றால் முதலாவதுக்கு ஒரு வாரம் பதிவேற்ற முடியாது, 90 நாட்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் நீக்கப்படும். அக்காவின் சேனலில் ஒன்றுகூட இல்லை. 9,000 தர மறுத்ததும் "அப்போ டீம் க்ளோஸ் பண்ணிரும்" என்றான், அத்தோடு எண் ப்ளாக். 18,500 போனது போனதுதான்.

இதை வைத்து, கணக்கு சுத்தமாகத் தெரிந்தால் ஹேக் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்மையான திருட்டு நிறைய வேறு வழியில் வருகிறது: விளம்பர ஒப்பந்தம் என்று ஒரு கோப்பு அனுப்பி, அதைத் திறந்ததும் நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருப்பதை பிரவுசரில் நினைவு வைத்திருக்கும் குக்கி என்ற சிறு தரவைத் திருடிக்கொண்டு போவார்கள். கடவுச்சொல்லும் கேட்காது, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கேட்காது, ஏனென்றால் திருடன் கையில் இருப்பது நுழைந்துவிட்ட நிலையே. கூகுளின் பாதுகாப்புக் குழு 2021 அக்டோபரில் யூடியூபர்களைக் குறிவைக்கும் இந்த வகைத் தாக்குதலை விரிவாக எழுதியது. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற தொழில்நுட்பச் சேனலும் இப்படித்தான் சிக்கியது, அதில் கிரிப்டோ நேரலை ஓடியது. இந்த மாதிரி இருந்தால் சேனல் பெயர், படம், ஹேண்டில் மாறியிருக்கும், நீங்கள் போடாத நேரலை இருக்கும். ஜிமெயில் அமைப்பில் Filters பகுதியில் கூகுளிலிருந்து வரும் மின்னஞ்சல்களை நேரே குப்பைக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று புதிதாக முளைத்திருக்கலாம், Forwarding பகுதியில் அந்நிய முகவரி இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான். எச்சரிக்கை மின்னஞ்சல் வராமல் போனதற்கு அங்கேதான் காரணம் கிடைக்கும்.

நிறைய சொல்ல நினைத்து உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, அவசரமாக இதை மட்டும்.

ஏதும் மாற்றுவதற்கு முன் Recent security activity, சாதனப் பட்டியல், Permissions மூன்றையும் படம் பிடித்து வையுங்கள், 28 நாள் போனால் பழையது கிடைக்காது. கடவுச்சொல்லை மாற்றுவதானால் சந்தேகமான கணினியில் மாற்றாதீர்கள், வேறு சாதனத்தில் மாற்றுங்கள். அந்தக் கணினியில் வைரஸ் இருந்தால் புதிய கடவுச்சொல்லும் திருடனுக்குத்தான் போகும். மீட்பு எண்ணைத் திருடன் மாற்றிவிட்டாலும் ஒரு வாரம் வரை பழைய எண்ணைக் கொண்டு மீட்கும் வாய்ப்பை g.co/recover தரலாம், அதனால் பயந்து போய் நாளைக் கடத்தாதீர்கள். மீட்பது இலவசம். யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் இருப்பவர்கள் ஸ்டூடியோவிலிருந்தே உதவிக் குழுவைப் பிடிக்கலாம், எக்ஸ் தளத்தில் @TeamYouTube இருக்கிறது. ஆனால் அங்கே உங்கள் பதிவுக்குக் கீழே வந்து "இவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்லும் ஒவ்வொருவனும் இந்த ரெக்கவரிக்காரனின் தம்பிதான். யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள், ஸ்கேன் பண்ண என்று Manager ஆக்காதீர்கள், திரையைப் பகிராதீர்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in இல் புகார் போடுங்கள், யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வையுங்கள். வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள். அக்காவின் புகார் பதிவாகியிருக்கிறது. 18,500 திரும்ப வருமா என்று தெரியாது. அந்த எண் இன்னொரு முகநூல் குழுவில் இன்று காலைகூட "நம்பிக்கையான ஆளுங்க" என்று போடப்பட்டிருக்கிறது.