நீராவித் தடுப்பு ஷீட்: சேலத்தில் வெளிப்பக்கம், லேயில் உள்பக்கம், ஏற்காட்டில்?

எங்கள் சேலத்து வீட்டின் மேற்குப் படுக்கையறையில் ஒரு ஜிப்சம் பலகையைக் கழற்றியபோது, அதன் பின்னால் ஒட்டியிருந்த பாலிதீன் ஷீட்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அறைப் பக்கம் காய்ந்திருந்தது. சுவர்ப் பக்கம்தான் அத்தனையும். கீழே வெப்பம் தடுக்க வைத்த ராக்வூல் பஞ்சு நனைந்து தொங்கியது, பலகையின் அடி ஓரம் முழுக்கக் கரும்பூசணம். வேலை முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

மொட்டை மாடியிலிருந்தோ ஜன்னலோரமாகவோ மழை இறங்குகிறது என்றுதான் நான் நினைத்தேன். பழைய மேஸ்திரிதான் சரியாகப் பிடித்தார். "ஏனுங்க, மழைத்தண்ணியா இருந்தா மழை பேஞ்ச அன்னிக்கு நனையணும். இது ஏசி போட்ட அன்னிக்கெல்லாம் நனையுதுங்களே" என்றார். மழைக் கசிவு சுவரில் வரைபடம் போலத் திட்டாகத் தெரியும், வெயில் அடித்தால் காயும். இதுவோ திருகாணித் தலைகளில் துருவாகவும், தரையோரத்தில் கருமையாகவும், அறையில் புழுங்கல் வாடையாகவும் வந்தது.

உள் அலங்கார வேலை செய்தவர் ஷீட்டை அறைப் பக்கம், ஜிப்சம் பலகைக்கு நேர் பின்னால் விரித்திருந்தார். அவர் பார்த்துக் கற்றுக்கொண்டது குளிர்நாட்டு முறை. அங்கே அது சரிதான். லடாக்கின் லே மாதிரியான ஊரில் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 10 டிகிரி, அறைக்குள் ஹீட்டர் வைத்து 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சமையல், மூச்சு, துணி காய்தல் எல்லாம் சேர்ந்து உள்ளே ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தால், அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பம், ஏறக்குறைய 6 டிகிரி. ஈரம் உள்ளிருந்து வெளியே நகரும். போகிற வழியில் சுவருக்குள் 6 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த இடம் வந்ததும் நீராகும், இன்னும் தள்ளிப் போனால் உறையும். அதனால் ஈரம் சுவருக்குள் நுழையும் முன்பே, சூடான அறைப் பக்கத்திலேயே ஷீட் போட்டு மறித்துவிடுகிறார்கள். லேயில் நான் வீடு கட்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் சிக்கல் எதுவும் இல்லை.

சேலத்தில் ஏசி அறைக்கு இதே கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. மழை விட்ட ஒரு சாயங்காலம் வாசலில் வைத்த என் ஈரமானி 28 டிகிரி, 80 சதவீதம் காட்டியது. அந்தக் காற்றின் பனிநிலை 24 டிகிரிக்குச் சற்று மேலே. எங்கள் ஏசி 22-ல் ஓடும். 9 அங்குலச் செங்கல், 50 மில்லிமீட்டர் ராக்வூல், அதற்கப்புறம் ஷீட், ஜிப்சம் என்ற வரிசையில் ஷீட் இருக்கும் இடத்தின் வெப்பம் 23-ஐத் தாண்டாது. வெளியிலிருந்து மெல்ல ஊறி வரும் ஆவி, தன் பனிநிலையை விடக் குளிர்ந்த ஒரு பிளாஸ்டிக்கில் வந்து முட்டி நிற்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது மாதிரிதான். சொம்பைத் துடைத்துவிடலாம், இதைப் பலகைக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை.

மேற்குச் சுவர் என்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. காலையில் மழையில் ஊறிய செங்கல் மதியத்துக்குமேல் வெயிலில் 40 டிகிரிக்குச் சூடாகிறது. ஈரமான செங்கலுக்குள் அந்த வெப்பத்தில் ஆவி அழுத்தம் சுமார் 7.4 கிலோபாஸ்கல். ஏசி ஓடும் அறையில் 22 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துக்கு அது வெறும் 1.3. ஐந்து மடங்குக்கும் மேலான அழுத்தம் ஈரத்தை உள்ளே தள்ளுகிறது. வெளிக் காற்றின் ஈரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது கண்ணில் படவே படாது. வடக்குச் சுவரில் அதே ஆள் அதே மாதிரி விரித்த ஷீட்டைப் பிரித்துப் பார்த்தேன், லேசான ஈரம் மட்டும்தான் இருந்தது.

இனி என்ன செய்வது என்று யோசித்தபோது இரண்டு வழிதான் மிஞ்சின. ஷீட்டை எடுத்துவிட்டு ஒன்றும் போடாமல் விடுவது ஒன்று. ஏசியை 26-ல் வைக்கிறவர்கள், ராக்வூல் எதுவும் வைக்காமல் பூசின செங்கல் சுவரோடு இருக்கிறவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. வருகிற ஈரம் பூச்சு வழியாக அறைக்குள் வந்து ஏசியின் தண்ணீர்க் குழாயில் போய்விடும். ஒன்று மட்டும் கவனம் வேண்டும். அந்தச் சுவரின் உட்புறம் எனாமல் பெயின்ட் அடித்தாலோ வினைல் வால்பேப்பர் ஒட்டினாலோ, ஷீட் போட்டதாகவே அர்த்தம். வால்பேப்பரின் முதுகில் அதே பூசணம் வரும்.

எங்கள் அறைக்கு மேற்கு வெயில் தாங்க வெப்பத்தடுப்பு வேண்டும், அம்மாவுக்காக ஏசியும் 22-ல் ஓடியாக வேண்டும். அதனால் இரண்டாவது வழியாக, வெப்பத்தடுப்பையும் ஈரத்தடுப்பையும் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டோம். கையகல பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வைத்துப் பார்த்தோம். பின்னால் ஈரம் படியாத பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். வெளிச்சுவரில் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பத்தடுப்பு ஃபோம் பலகை, மேலே வலை வைத்துப் பூச்சு, அதற்கும் மேலே நீர்த்தடுப்புக் கோட்டிங். கோட்டிங்கை முதலில் செங்கல் மேலேயே அடித்துவிட்டுப் பலகை ஒட்டலாம் என்றார் மேஸ்திரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பலகைக்கு உள்ளே போனால் அந்த கோட்டிங் அறையின் குளிரில் 23 டிகிரி பக்கம் இறங்கிவிடும், பனிநிலையோ 24. வெளியே இருந்தால் அது வெளிக் காற்றின் சூட்டிலேயே இருக்கும், அதன்மேல் ஆவி நீராகாது. உட்புறம் வெறும் பூச்சும் டிஸ்டம்பரும்தான். அஸ்திவாரத்திலிருந்து கொஞ்சம் ஓதம் ஏறினாலும் அறைப் பக்கம் காய்ந்துவிட வழி இருக்கிறது. ஏசி பைப் போகிற ஓட்டையையும் வெளிச்சுவரின் ஸ்விட்ச் பெட்டிகளையும் ஃபோம் வைத்து அடைத்தோம். ஒரு ஓட்டை வழியாகக் காற்றோடு வரும் ஈரம், முழுச்சுவரின் வழியாக ஊறி வருவதை மிஞ்சிவிடும்.

இதைப் பார்த்துவிட்டு ஏற்காட்டில் இருக்கிற அக்கா, "எங்க ஊரு குளிர்தானே, எங்களுக்கு உள்பக்கம் போடட்டுமாடா?" என்று கேட்டாள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்கிறது, ஆனால் அது வறண்ட குளிர் இல்லை. ஜனவரி இரவு ஒன்றில் மூடுபனிக்குள் அதே ஈரமானி 13 டிகிரி, 95 சதவீதம் காட்டியது. ஹீட்டர் போட்ட அறையில் 20 டிகிரி, 60 சதவீதம். இரண்டு பக்கமும் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 1.4 கிலோபாஸ்கல்தான். ஈரத்தை எந்தப் பக்கமும் தள்ள ஆளில்லை. அங்கே ஷீட் போட்டால் மழையில் ஊறிய சுவர் காய ஒரு பக்கம் அடைபடும், அவ்வளவே. இரு பக்கமும் மூச்சு விடுகிற சுண்ணாம்புப் பூச்சு, மழை படாத அளவுக்கு நீண்ட தாழ்வாரம், இவையே போதும் என்றேன். அக்கா தாழ்வாரத்தை இரண்டடி நீட்டியிருக்கிறாள், ஷீட் வாங்கவில்லை.

எங்கள் மேற்குச் சுவர் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. உள்ளே வாடை இல்லை, தரையோரம் வெள்ளையாகவே இருக்கிறது. சன்ஷேடு சேரும் இடத்தில் கோட்டிங்கில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது. வெளியே தடுப்பு போட்டால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான் இதன் செலவு. அக்டோபர் மழை பிடிக்கும் முன் அந்த இடத்தை மட்டும் சுரண்டி வலை வைத்து இரண்டு கோட் அடிக்க மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன்.